ஸ்குவாட் வால்ட்: பாக்ஸ் முன்னால் நின்றுபோவதில் தொடங்கி முகம் குப்புற விழுவது வரை

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் முதலாக ஸ்குவாட் வால்ட் சொல்லிக்கொடுக்கும் பி.டி. ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓடி வர வேண்டும், ஸ்பிரிங் போர்டில் இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி எழும்ப வேண்டும், குறுக்காக வைத்த பாக்ஸ் மேல் கை ஊன்ற வேண்டும், மடக்கிய முழங்கால்களை இரண்டு கைக்கும் நடுவில் கொண்டுபோய் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் சென்னைப் பள்ளிகளில் வருஷா வருஷம், வகுப்புக்கு வகுப்பு, அதே சில கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எந்தக் கோளாறைப் பார்க்கிறீர்களோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் சாக்பீஸ் கோட்டை நகர்த்தினால் தீரும் காரணம் முதலிலும், வாரக்கணக்கில் பயிற்சியோ புதுச் சாமானோ கேட்கும் காரணம் கடைசியிலும் இருக்கும்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பாக்ஸ் மேல் தெரியும் தப்பு பெரும்பாலும் பாக்ஸ் மேல் உண்டானதாக இருக்காது. கால் இடிக்கிறது என்றால் காலை மட்டும் பார்த்துக்கொண்டு "நல்லா மடக்கு, நல்லா மடக்கு" என்று கத்துவதால் பலன் இல்லை. ஓட்டத்தின் கடைசி மூன்று அடிகளையும் போர்டில் கால் விழுந்த இடத்தையும் பார்த்துவிட்டு, அப்புறம் பாக்ஸுக்கு வாருங்கள்.

## யாரும் ஓடுவதற்கு முன்

பாக்ஸைக் குறுக்காக வையுங்கள், அதாவது பிள்ளை தாண்ட வேண்டியது அதன் குறுகிய அகலத்தை. உயரம் பிள்ளையின் இடுப்பெலும்பு அளவுக்கு இருந்தால் போதும். வகுப்பில் உயரமும் குட்டையும் கலந்திருந்தால் குட்டைப் பிள்ளைக்குத் தகுந்த உயரத்தில் தொடங்கி, பிறகு ஒரு அடுக்கைச் சேர்த்துக்கொள்ளலாம். பெரிய போட்டிகளில் பெண்களுக்கு வால்டிங் டேபிள் 125 செ.மீ., ஆண்களுக்கு 135 செ.மீ. உயரத்தில் இருக்கும். அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு பள்ளி பாக்ஸை உயர்த்துகிறவர்கள் உண்டு. இந்தக் கட்டத்தில் அதற்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை.

போர்டின் முன் விளிம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவே சுமார் 60 செ.மீ. விட்டுத் தொடங்குங்கள். சிமென்ட் தரையிலும் டைல்ஸ் தரையிலும் போர்டு பின்னால் வழுக்கும். அடியில் ரப்பர் விரிப்பு போட்டு, காலால் ஓங்கி உதைத்துப் பாருங்கள். நகர்ந்தால் அன்றைக்கு வால்ட் வேண்டாம்.

இறங்கும் பக்கம் பெரும்பாலான பள்ளிகளில் இருப்பது தேங்காய் நார் மேட்தான். ஐப்பசி மழையில் நனைந்து காய்ந்த நார் மேட் உள்ளுக்குள் கட்டி கட்டியாகிவிடும், மேலே பார்த்தால் தெரியாது. வெறுங்காலுடன் மேலே நடந்து பார்த்தால்தான் மேடு பள்ளம் புரியும். இரண்டு மேட்டைச் சேர்த்துப் போட்டால் நடுவில் இடைவெளி விழாதபடி கட்டிவிடுங்கள். கணுக்கால் மடங்குவது அந்த இடைவெளியில்தான்.

கொலுசு, வளையல், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றி வைக்கப்பட வேண்டும். துப்பட்டாவும் பாவாடையும் இல்லாமல் டிராக் பேன்ட்டில் வரச் சொல்லுங்கள். பேன்ட் தொளதொளவென்று இருந்தால் கணுக்காலில் ஒரு ரப்பர் பேண்ட் போடலாம். கால் பெருவிரல் துணியில் மாட்டிக்கொண்டு பிள்ளை விழுந்தால், அதைப் பார்க்கிறவர்கள் "கால் மடக்கல" என்பார்கள். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு ஓட விடவே கூடாது. வெறுங்கால் நல்லது. வெயில் ஏறிய தரை என்றால் அடி மெல்லிய ஷூ போடலாம். திறந்த மைதானத்தில் நடத்துவதானால் காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் பாக்ஸின் ரெக்சின் சுட ஆரம்பிக்கும், பிள்ளைகள் கையை முழுசாக ஊன்றாமல் நுனி விரலில் தொட்டுவிட்டுப் போவார்கள்.

## கோளாறு 1: நன்றாக ஓடி வந்து போர்டுக்கு முன்னால் நின்றுவிடுகிறார்கள்

இதுதான் எல்லாவற்றிலும் அதிகம் வருவது. உடனே "பயப்படுறா சார்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பயம் இருக்கலாம். ஆனால் முதலில் அடியை அளந்து பாருங்கள். கால் தப்பான இடத்தில் விழப்போகிறது என்று உடம்புக்குக் கடைசி இரண்டு அடியில் தெரிந்துவிடுகிறது, அதனால் நிற்கிறது. நிற்காமல் வந்திருந்தால்தான் ஆபத்து.

முதல் சோதனை: கால் எங்கே விழுகிறது? போர்டுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் நீளத்துக்குச் சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். பிள்ளையை மூன்று தடவை ஓடி வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் கடைசி ஒற்றைக்கால் எங்கே பதிகிறது என்று பாருங்கள். போர்டு 120 செ.மீ. நீளம். கால் விழ வேண்டிய இடம் அதன் உயர்ந்த முனைப் பக்கம், விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே. அங்கே இரண்டு காலும் சேர்ந்து விழ வேண்டுமானால், கடைசி ஒற்றைக்கால் போர்டின் பின் விளிம்புக்கு 30 முதல் 50 செ.மீ. பின்னால் பதிய வேண்டும்.

ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் கணக்கைச் சொல்கிறேன். மூன்று ஓட்டத்தில் முதல் தடவை அவள் கால் போர்டுக்கு 110 செ.மீ. பின்னால் விழுந்தது. இரண்டாவது தடவை 15 செ.மீ. மூன்றாவது தடவை ஒற்றைக்கால் போர்டு மேலேயே விழுந்துவிட்டது. மூன்று தடவையும் நின்றுவிட்டாள். "கிட்ட வந்தா பாக்ஸ் பெருசாத் தெரியுது சார்" என்றாள். பாக்ஸ் பெரிதாகத் தெரிந்தது உண்மையாகவே இருக்கட்டும், அதைவிடப் பெரிய விஷயம் அவள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்திலிருந்து கிளம்பியதுதான். வரிசையில் முன்னால் நின்றவள் நகர்ந்ததும் அந்த இடத்திலிருந்து ஓடிவிட்டாள். ஓட்டத்தைத் தொடங்கக் கோடு என்று ஒன்று இல்லை.

இதைச் சரிசெய்யும் முறை இப்படி. முதலில் எந்தக் காலால் எழும்புகிறாள் என்று தெரிய வேண்டும். தரையில் தேங்கிய தண்ணீரைத் தாண்டு என்று சொன்னால் யோசிக்காமல் எந்தக் காலை உதைக்கிறாளோ அதுதான். அவளுக்கு இடது கால். போர்டின் பின் விளிம்பிலிருந்து 40 செ.மீ. பின்னால் ஒரு கோடு போட்டு, பாக்ஸுக்கு முதுகைக் காட்டி அந்தக் கோட்டில் நிற்கவைத்தேன். அங்கிருந்து எதிர்ப்பக்கமாக, வழக்கமான வேகத்தில் ஏழு அடி ஓடச் சொல்லி ஏழாவது அடி விழுந்த இடத்தைக் குறித்தேன். மூன்று தடவை ஓடியதில் 8.4, 8.9, 8.6 மீட்டர் வந்தது. நடுவில் இருக்கும் 8.6 மீட்டரில் தொடக்கக் கோடு. இப்போது அங்கிருந்து போர்டை நோக்கி ஏழு அடி. முதல் அடியை எழும்பும் காலாலேயே எடுத்து வைத்தால் ஏழாவது அடியும் அதே காலில் வந்து சேரும். ஒற்றைப்படை எண் வைப்பதன் வசதி இதுதான், பிள்ளைக்கு வேறு எதையும் நினைவில் வைக்கத் தேவை இல்லை.

நேராக ஓடியபோது கால் 40-க்குப் பதில் 20 செ.மீ.யில் விழுந்தது. போர்டை நோக்கி ஓடும்போது அடி கொஞ்சம் நீண்டிருக்கிறது. அதனால் தொடக்கக் கோட்டை அதே 20 செ.மீ. பின்னால் தள்ளி 8.8 மீட்டர் ஆக்கினேன். அடுத்த ஓட்டத்தில் கால் கோட்டில் விழுந்தது. போர்டில் எழும்பி பாக்ஸ் மேல் கை வைத்துவிட்டு இறங்கினாள். தாண்டவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. அன்றைக்கு அது போதும்.

நெருங்கி விழுந்தால் கோட்டைப் பின்னால் தள்ளுங்கள், தூரமாக விழுந்தால் முன்னால் கொண்டுவாருங்கள், எவ்வளவு தப்போ அவ்வளவு மட்டும். பிள்ளையிடம் "அடியை நீட்டு, சுருக்கு" என்று சொல்லாதீர்கள். சொன்னால் கடைசி மூன்று அடியைக் கொத்திக் கொத்தி வைத்து, வந்த வேகத்தை எல்லாம் தொலைத்துவிடுவாள். இரண்டு வாரம் கழித்து தைரியம் வந்ததும் அடி நீளும், அப்போது மறுபடி அளக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நிற சாக்பீஸ், அல்லது பெயரின் முதல் எழுத்துடன் ஒரு ஒட்டுநாடாத் துண்டு என்று வைத்துவிட்டால் நாற்பது பேர் வகுப்பிலும் சமாளிக்கலாம்.

கால் சரியாக விழுந்தும் நிற்கிறாள் என்றால் பார்வையைப் பாருங்கள். போர்டையே பார்த்துக்கொண்டு ஓடுகிற பிள்ளை போர்டில்தான் நிற்கும். பாக்ஸின் மேல் பரப்பில் கை வைக்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் இரண்டு உள்ளங்கை வரைந்துவிட்டு அதைப் பார்த்து ஓடச் சொல்லுங்கள்.

அதுவும் உதவவில்லை என்றால் பாக்ஸின் ஒரு அடுக்கை எடுத்துவிடுங்கள். அல்லது இறங்கும் பக்கம் மேட்டுகளை அடுக்கி, பாக்ஸுக்கு ஒரு அடி தாழ்வாக ஒரு மேடை மாதிரி ஆக்கிவிடுங்கள். அந்தப் பக்கம் பள்ளம் இல்லை என்று தெரிந்தால் பாதிப் பேர் தாண்டிவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு மேட்டாகக் குறைத்துக்கொண்டே வரலாம்.

இதற்கெல்லாம் பிறகும் நிற்கிற பிள்ளை முன்னால் எப்போதோ விழுந்திருப்பாள். கேளுங்கள். தள்ளிவிடுவது, வரிசை முன்னால் கிண்டல் செய்வது, "தாண்டினாத்தான் வீட்டுக்கு" என்பதெல்லாம் வேண்டாம். பெஞ்ச் உயரத்துக்கு இறக்கி, ஓட்டமே இல்லாமல் இரண்டு கையை ஊன்றி மேலே ஏறிக் குந்துவதிலிருந்து தொடங்குங்கள்.

## கோளாறு 2: போர்டில் "தட்... தட்" என்று இரண்டு சத்தம் கேட்கிறது

இதைக் கண்ணைவிடக் காதால் கண்டுபிடிப்பது சுலபம். முகத்தைத் திருப்பிக்கொண்டு நில்லுங்கள். ஒரே சத்தம் வந்தால் இரண்டு காலும் சேர்ந்து விழுந்திருக்கிறது. இரண்டு சத்தம் வந்தால் பிள்ளை போர்டில் ஏறி நடந்திருக்கிறது. ஒற்றைக்காலில் எழும்பினால் இடுப்பு ஒரு பக்கமாகத் திரும்பும், கை ஒன்று முன்னால் விழும், ஒரு கால் பாக்ஸில் மாட்டும்.

எளிய காரணம் மேலே சொன்ன அடிக்கணக்குதான். ஒற்றைக்கால் போர்டுக்கு மிக அருகில் விழுந்தால் இரண்டாவது காலைச் சேர்க்க நேரமே கிடைக்காது. அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றதைப் பாருங்கள்.

அடி சரியாக இருந்தும் இரண்டு சத்தம் என்றால் கடைசித் தாவலைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பல பிள்ளைகள் போர்டுக்கு முன் உயரமாகத் துள்ளுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் முன்னால் போகும் வேகம் எல்லாம் அந்தத் துள்ளலில் போய்விடும். தாவல் தாழ்வாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். கைகள் அந்தத் தாவலின்போது பின்னால் போய், போர்டில் கால் படும்போது கீழிருந்து முன்னால் வீசி எழ வேண்டும். பாதம் இடுப்புக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். இடுப்புக்கு நேர் கீழேயோ பின்னாலேயோ விழுந்தால் மேலே எழும்பாமல் பாக்ஸ் மீது சரிவார்கள்.

இதற்கான பயிற்சிக்குப் போர்டே தேவை இல்லை. தரையில் ஒரு வட்டம் வரைந்து, ஒரு அடி நடந்து, ஒற்றைக்காலில் உதைத்து, வட்டத்துக்குள் இரண்டு காலையும் ஒன்றாக வைத்து உடனே நேராக எழும்பச் சொல்லுங்கள். பிறகு மூன்று அடி. பிறகு பாக்ஸை எடுத்துவிட்டுப் போர்டும் மேட்டும் மட்டும் வைத்து, ஏழு அடி ஓடி நேராக எழும்பி இறங்குவது. போர்டில் கால் நிற்கிற நேரம் கொஞ்சமாக இருக்க வேண்டும் என்பதற்கு நான் சொல்வது: "மத்தியானம் மெரினா மணல்ல வெறுங்காலை வெச்ச மாதிரி எடு." சென்னைப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

முன்பாதத்தில் விழ வேண்டும். குதிகாலில் விழுந்தால் சத்தம் மொத்தென்று வரும், மறுநாள் குதிகால் வலிக்கும்.

செலவு பிடிக்கும் காரணம் ஒன்று உண்டு, போர்டே செத்துப்போயிருப்பது. நீங்களே மேலே நின்று இரண்டு தடவை உதைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அமுங்கினால், கீழே ஸ்பிரிங்கோ பலகையோ ஒரு பக்கம் விட்டிருக்கிறது. அப்படிப்பட்ட போர்டில் எவ்வளவு நன்றாக விழுந்தாலும் பிள்ளை கோணலாகத்தான் எழும்பும். பிளைவுட் விரிசலை ஆணி அடித்து ஒட்டவைக்காதீர்கள். ஸ்பிரிங் மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதுவரை போர்டு இல்லாமல், தாழ்வான பாக்ஸில் தரையிலிருந்தே எழும்பிப் பழகலாம்.

## கோளாறு 3: முழங்கால் பாக்ஸ் மேல் விழுகிறது, பிள்ளை மண்டியிட்டு உட்கார்ந்துவிடுகிறது

இடுப்பு எழவில்லை. கை ஊன்றும்போது இடுப்பு தோளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால்தான் முழங்காலை மார்போடு இழுக்க இடம் கிடைக்கும்.

போர்டின் தூரத்தை முதலில் மாற்றிப் பாருங்கள், காசு செலவில்லாத வேலை. போர்டு மிக அருகில் இருந்தால் பிள்ளை நெட்டுக்குத்தாக எழும்பி, இடுப்பு எழ நேரம் இல்லாமல் பாக்ஸில் மோதும். மிகத் தூரமாக இருந்தால் கையை எட்டி எட்டி ஊன்றி, வயிறு தொங்கி, முழங்கால் பின் விளிம்பில் இடிக்கும். எது என்று தெரிய மொபைலில் பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுத்து, கை படும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். பாக்ஸுக்கு மிக நெருக்கமாக, கால் கீழே தொங்கிக்கொண்டிருந்தால் போர்டைப் பத்துப் பத்து செ.மீ.யாகப் பின்னால் இழுங்கள். உடம்பு படுத்த மாதிரி நீண்டு, முதுகு குழிந்திருந்தால் முன்னால் தள்ளுங்கள். வீடியோ எடுப்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பார்த்து முடித்ததும் அழித்துவிடுங்கள். குரூப்பில் போடும் வேலை வேண்டாம்.

தூரம் சரி, ஆனால் இடுப்பு எழவில்லை என்றால் தரைக்கு வாருங்கள். கையைத் தரையில் ஊன்றி, இரண்டு காலையும் ஒன்றாக உதைத்து, இடுப்பைத் தோளுக்கு மேலே தூக்கி முயல் போலக் குதித்து முன்னேறச் சொல்லுங்கள். கை வளையக் கூடாது. நான்கைந்து குதி கூட முழங்கை மடங்காமல் போக முடியாத பிள்ளைக்கு இன்னும் தோள் வலு வரவில்லை. அது ஒரு நாளில் தீராது. ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் பத்து நிமிஷம் முயல் குதியும், பெஞ்ச் மேல் கை ஊன்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவுவதும் வைத்தால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும். அதுவரை அந்தப் பிள்ளை பாக்ஸ் மேல் ஏறிக் குந்தட்டும், நிமிர்ந்து எழும்பி முன்னால் குதித்து இறங்கட்டும். முழு வால்ட்டுக்கு முந்தின படி அதுதான். எல்லாப் பிள்ளைக்கும் அது கட்டாயம், தைரியசாலிக்கும்.

## கோளாறு 4: கால் விரல் பாக்ஸில் தட்டி முன்னால் விழுகிறார்கள்

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். ஸ்குவாட் வால்ட்டில் முகமும் மணிக்கட்டும் அடிபடுவது இப்படித்தான். ஒரே வகுப்பில் இரண்டு பேருக்கு நடந்தால், காரணம் தெரியும் வரை மொத்த வகுப்பையும் ஏறிக் குந்தும் படிக்கு இறக்கிவிடுங்கள்.

கை எப்போது விடுகிறது? பெரும்பாலும் காரணம் கால் அல்ல, கை. பாக்ஸைப் பிடித்துக்கொண்டே காலைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். கை அங்கேயே இருக்கும்போது உடம்பு முன்னால் போனால் தோள் கையைத் தாண்டிப் போகும், கால் வருவதற்கு முன்னாலேயே தலை கீழே போய்விடும். கை படும்போது தோள் மணிக்கட்டுக்குப் பின்னால் அல்லது நேர் மேலே இருக்க வேண்டும். உடனே தள்ளிவிட வேண்டும். கால் பாக்ஸைக் கடக்கும்போது கை பாக்ஸில் இருக்கவே கூடாது. மொபைல் வீடியோவில் இதைத்தான் தேட வேண்டும். கால் பாக்ஸ் மேல் இருக்கும் படத்தில் கையும் ஒட்டிக்கொண்டிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

இதற்குப் பயிற்சி: பாக்ஸ் மேல் ஏறிக் குந்தும்போதே, கால் வந்து சேருவதற்கு முன் கையை எடுத்து முன்னால் உயர்த்தச் சொல்லுங்கள். குந்தியபின் கை பாக்ஸில் இருந்தால் அது கணக்கில் வராது. அது வந்தபிறகு தரையில் தண்டால் நிலையிலிருந்து இரண்டு காலையும் கைக்கு நடுவே இழுத்து, இழுத்த அதே கணத்தில் கையைத் தரையிலிருந்து எடுப்பது. மேட்டில் செய்தால் மணிக்கட்டு தாங்கும்.

கை சரி, விரல் மட்டும் தட்டுகிறது என்றால் பாதத்தைப் பாருங்கள். முழங்காலை மடக்கிவிட்டுப் பாதத்தைப் பின்னால் நீட்டிவிடுவார்கள், விரல் நுனி கீழே தொங்கும். "குதிகாலை உட்கார்ற இடத்தோட ஒட்டு" என்றால் புரியும். பேன்ட்டையும் இன்னொரு தடவை பாருங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் தட்டினால் வேகம் போதவில்லை. எழும்பும் உயரம் பாக்ஸுக்குப் பத்தவில்லை. ஒரு அடுக்கை எடுங்கள். ஓட்டத்தை நீட்டி வேகத்தைக் கூட்டுவது அப்புறம்தான், அதுவும் கோளாறு 1-இல் சொன்னபடி கோட்டை மறுபடி அளந்த பிறகு.

சப்போர்ட் யார், எங்கே? இந்த வால்ட்டில் சப்போர்ட் கொடுப்பவர் இறங்கும் பக்கம், பாக்ஸின் மூலைக்கு அருகே, பிள்ளைக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். நேர் முன்னால் நின்றால் வழியில் நிற்கிறோம். பிள்ளையின் கை பாக்ஸில் படும்போதே ஒரு கையால் தோளுக்கு அருகே மேல் கையையும், இன்னொரு கையால் முன்கையையும் பிடித்து, பிள்ளை வரும் வேகத்தோடு தானும் பின்னால் நகர்ந்து, இரண்டு காலும் மேட்டில் ஊன்றும் வரை விடாமல் இருக்க வேண்டும். கால் தட்டினாலும் தலை கீழே போகாமல் நிறுத்துவது அந்த மேல் கைப் பிடிதான். இடுப்பைப் பிடிப்பதாலோ சட்டையைப் பிடிப்பதாலோ பயன் இல்லை. எங்கே பிடிப்பேன் என்பதை ஓடுவதற்கு முன்னாலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முடிந்தவரை மிஸ் யாராவது நிற்கட்டும். சக மாணவர்களை நிறுத்துவதானால் ஏறிக் குந்தும் படிக்கு மட்டும், பக்கத்துக்கு ஒருவராக, முதலில் மெதுவாக நடக்கவைத்துப் பழக்கிய பிறகு.

வியர்வை பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல், மே சென்னையில் இரண்டாவது ஆள் தாண்டுவதற்குள் ரெக்சின் ஈரமாகிவிடும். கை வழுக்கி முன்னால் போவதும் பார்வைக்கு இதே கோளாறு போலத்தான் இருக்கும். பாக்ஸ் பக்கத்தில் ஒரு பழைய துண்டு, கைக்குக் கொஞ்சம் மெக்னீசியம் பொடி. முகத்துக்குப் போடும் டால்கம் பவுடர் வேண்டாம், அது இன்னும் வழுக்கும்.

## கோளாறு 5: காலை நடுவில் கொண்டுவராமல் பக்கவாட்டில் வீசிவிடுகிறார்கள்

சுவர் ஏறிக் குதித்துப் பழகிய பையன்கள்தான் அதிகம். தாண்டிவிடுவார்கள், தப்பு என்று சொன்னாலும் புரியாது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் படவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். வரைந்த உள்ளங்கைகள் இங்கேயும் உதவும், தோள் அகலத்தில், விரல்கள் முன்னால் நோக்கி. அப்படியும் திரும்பினால் பாக்ஸ் உயரம் அவனுக்குக் குறைவு அல்லது போர்டில் ஒற்றைக்கால். கோளாறு 2-க்குப் போங்கள்.

## கோளாறு 6: தாண்டிவிடுகிறார்கள், ஆனால் இறங்கி முன்னால் ஓடுகிறார்கள் அல்லது உட்கார்ந்துவிடுகிறார்கள்

முன்னால் ஓடினால் கை தாமதமாகத் தள்ளியிருக்கிறது, கோளாறு 4-இன் மென்மையான வடிவம். பின்னால் உட்கார்ந்தால் காலை மடக்கியபடியே இறங்கியிருக்கிறார்கள். பாக்ஸைத் தாண்டியதும் காலை நீட்டி, உடம்பு நேராகி, அப்புறம் முழங்கால் மடங்கி இறங்க வேண்டும். பெஞ்சிலிருந்து வெறுமனே குதித்து இறங்கி அசையாமல் மூன்று எண்ணும்வரை நிற்கவைத்தால் இது சீக்கிரம் வரும். முழங்கால் உள்பக்கம் சாய்ந்து ஒன்றோடு ஒன்று முட்டினால் மட்டும் விடாதீர்கள். முழங்கால் பாதத்தின் நேரிலேயே மடங்க வேண்டும்.

## எப்போது நிறுத்தி, யாரைக் கூப்பிடுவது

தலைகுப்புற விழுந்து கழுத்து வலி, கையில் காலில் மரத்துப்போன உணர்வு என்றால் பிள்ளையைத் தூக்கவோ உட்காரவைக்கவோ வேண்டாம். அசையாமல் அப்படியே படுக்கவைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். தலையில் அடிபட்டு வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம் இருந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

கை ஊன்றி விழுந்த பிள்ளைக்குக் கட்டைவிரலுக்கு அடியில், மணிக்கட்டில் இருக்கும் சின்னக் குழியை அமுக்கினால் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால், வீக்கம் இல்லாவிட்டாலும் எலும்பு டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் சிறிய எலும்பு முறிந்தது முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், டாக்டர் மறுபடி வரச் சொன்னால் கட்டாயம் போக வேண்டும். "சுளுக்குதான்" என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது இதில்தான் கெடுதல் செய்கிறது.

முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டில், குதித்த பிறகு வலி வந்து வந்து போனால், அது வேகமாக வளரும் வயதில் வருவது. குதிப்பதைக் குறைத்து, பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். அந்தப் பிள்ளை மண்டியிடும் பயிற்சிகளையும் விட்டுவிட வேண்டும்.

பாக்ஸின் அடுக்குகள் ஒன்றோடு ஒன்று சரியாகப் பொருந்தாமல் ஆடினால் தச்சரைக் கூப்பிடுங்கள், அட்டையை மடித்துச் செருகாதீர்கள். மேல் திண்டின் ரெக்சின் கிழிந்து உள்ளே இருக்கும் மரம் கைக்குத் தட்டுப்பட்டால் திண்டு மாற்றும் வரை பாக்ஸை மூடி வையுங்கள்.

ஒரு மாதப் பயிற்சிக்குப் பிறகும் ஏறிக் குந்துவதில் கை விடாத பிள்ளைகளை, அல்லது இதற்கு மேல் உயரமான வால்ட் கேட்கிற பிள்ளைகளை, ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளரிடம் அனுப்புங்கள். அவர்களிடம் நுரைக் குழியும் நல்ல போர்டும் இருக்கும்.

அடிபட்டுத் திரும்பி வரும் பிள்ளை டாக்டர் சரி என்ற பிறகு முதலில் தரையில் முயல் குதி வலியில்லாமல் செய்ய வேண்டும், அடுத்த வகுப்பில் தாழ்வான பாக்ஸில் ஏறிக் குந்த வேண்டும், அதற்கு அடுத்த வகுப்பில்தான் ஓட்டம். தொடக்கக் கோட்டை அன்றைக்குப் புதிதாக அளந்துவிடுங்கள்.